செவ்வாய், வெள்ளி மட்டும்

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு உடம்பை வளர்க்கும் ஆசை வந்துவிட்டதாக எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆசையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு ஒரே ஒரு பொருளைத் தூக்க வேண்டியிருந்தது. அந்தப் பொருள் எழுபத்தாறு கிலோ. கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டு, என் சாம்பாரில் புளி தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தது. என் கணவர்தான்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற எட்டாவது மாதம் ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இடது கை தண்ணீர்ச் சொம்பை விட்டுவிட்டது, இடது கால் ஆளையே விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு முழுசாகத் திரும்பியிருந்தது. அதில் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்று நான் நினைத்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன். வலது பக்கம் நன்றாக இருந்தது. இடது பக்கம் முக்கால்வாசி சொன்ன பேச்சு கேட்கவில்லை.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாலரைக்கு முடியும், பஸ் பிடித்து ஐந்தரைக்கு வீடு வருவேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் கிராமமான கெடாரிலிருந்து ஓர் ஆள் வருவார். சொந்தமாக முக்கால் காணி நிலமும் ஓர் எருமையும் வைத்திருப்பவர். அவர் என் கணவரைக் கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாற்றுவதைப் பார்த்தால் மல்லாட்டை மூட்டையைத் திருப்பி வைக்கிற மாதிரி இருக்கும். ஐந்தரைக்கு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் தன் செருப்பை மாட்டிவிடுவார். எருமை கறக்க வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் எழுபத்தாறு கிலோவுக்கு நான்தான் பொறுப்பு.

முதலில் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டோம். அங்கே லாரி ஓட்டுகிற தம்பியும் அவன் மச்சானும் இருந்தார்கள். காம்பவுண்டுக்கு இந்தப் பக்கமிருந்து நான் ஒரு குரல் கொடுத்தால் போதும், சாப்பாட்டில் பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வருவார்கள். ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைப்பார்கள். தங்கமான பிள்ளைகள். ஒரே ஒரு சங்கடம், அந்த லாரிக்காரத் தம்பி பத்தாம் வகுப்பில் என் கணவரிடம் படித்தவன். லேட்டாக வந்ததற்காக மைதானத்தில் முட்டி போட்டவன். ஒரு நாள் சாயங்காலம் அவன் தூக்கும்போது என் கணவரின் கைலி அவிழ்ந்து தரையில் விழுந்துவிட்டது. அவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் கைலியை எடுத்துச் சுற்றிவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றான். இவரும் சிரித்தார். நான்கூடச் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவர் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அது தெரியவே பத்து நாள் ஆனது. கெடார்க்காரர்தான் சொன்னார். மூன்று மணிக்கு மேல் தண்ணீர் கொடுத்தால் சார் வாயை மூடிக்கொள்கிறார், காபியையும் ஜன்னல் வழியாக ஊற்றச் சொல்கிறார் என்று. ஐந்து மணிக்கு ஒருமுறை போய்விட்டு, காலை எட்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பாட்டில் இருக்கிறதே என்பீர்கள். வைத்தோம். படுத்துக்கொண்டு அவருக்கு வரவில்லை, வந்த ஒரு நாளும் பாட்டிலைத் தவிர எல்லா இடத்திலும் வந்தது. டயப்பர் என்ற வார்த்தையை எடுத்ததற்கு அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஓய்வாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் காய்ச்சல், குளிர் நடுக்கம். சிறுநீரில் தொற்று என்று நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா இவரைவிட என்னைத்தான் திட்டினார். தண்ணீர் குடிக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும், ஒரு தரம் இல்லாவிட்டால் ஒரு தரம் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் மூன்று மணிக்கு வாயை மூடிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீர்ச் சொம்பாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. ஒரு மனிதன் தாகத்தோடு படுத்திருக்கிறான், காரணம் எனக்குத் தூக்கத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருந்தார். அவரிடம் எப்படித் தூக்குவது என்று கேட்டேன். தூக்கக் கூடாது, எழுப்ப வேண்டும் என்றார். நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், வலது பக்கம், கொஞ்சம் கோணலாகப் போட்டு, சக்கரத்தைப் பூட்ட வேண்டும். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிய வேண்டும். என் முட்டியால் அவருடைய இடது முட்டி மடங்காமல் முட்டுக்கொடுக்க வேண்டும். அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடிக்க வேண்டும், செயலிழந்த கையை மட்டும் பிடித்து இழுக்கவே கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் பாதி எடையை அவர் வலது கால் வாங்கும், மீதியை என் கால்கள் வாங்கும். பிறகு திரும்பி உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதும் செய்து பார்த்தோம். மூன்று என்றதும் இவர் எழுந்தார், என் கால்கள் அப்படியே மடங்கின. பி.டி. வாத்தியார் கட்டிலில் மல்லாக்க, அவர் மேல் நான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அப்படி ஓர் அவசரம் எங்களுக்கு வந்ததில்லை. பிசியோதெரபிஸ்ட் எங்களைப் பிரித்து உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்களுக்குக் கால்ல பலம் இல்லீங்க. அதுக்குப் பதிலா முதுகால இழுக்குறீங்க. இப்படியே பண்ணிக்கினு இருந்தா ரெண்டு கட்டில் போட வேண்டியிருக்கும். பலம் வர்ற வரைக்கும் தனியா தொடாதீங்க."

பலம் எங்கே விற்கிறது என்று தேடினேன். முதலில் விழுப்புரத்திலேயே ஒரு ஜிம்முக்குப் போனேன். அங்கே கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நின்ற நாலு பேர் தங்கள் கையையே பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஓர் அட்டவணையைக் காட்டினார். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை, சனி வயிறு. என்னால் செவ்வாயும் வெள்ளியும்தான் வர முடியும் என்றேன். அப்படியானால் எனக்கு ஆயுசுக்கும் முதுகும் கையும்தான், காலே கிடையாது. அதை அவர் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னது வேறு. வாரம் இரண்டு நாள் வந்தால் ஒன்றும் ஆகாது மேடம், அதற்கு வீட்டிலேயே இருங்கள் என்றார்.

ஏன் செவ்வாய், வெள்ளி மட்டும் என்றால், எருமைதான் காரணம். கெடார்க்காரரின் மனைவி செவ்வாயும் வெள்ளியும் வீடு கழுவிச் சாமி கும்பிடுவதற்காகக் கூலி வேலைக்குப் போகமாட்டார். அந்த இரண்டு நாள் எருமையை அந்தம்மாவே கறந்துவிடுவார். அதனால் அந்த இரண்டு நாள் மட்டும் கெடார்க்காரர் ஏழு மணி வரை எங்கள் வீட்டில் இருக்க முடியும். என் உடற்பயிற்சித் திட்டத்தை வகுத்தது கெடாரில் கட்டியிருந்த ஓர் எருமை என்பதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

திண்டிவனத்தில், என் பள்ளிக்குப் பின்தெருவில், ஒரு டைல்ஸ் கடை மாடியில் பெண்களுக்கு மட்டும் நாலிலிருந்து ஆறு வரை ஒரு ஜிம் நடந்தது. நடத்தியவள் முப்பது வயதுப் பெண், கோட்டக்குப்பத்துக்காரி, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் துபாயில். கல்லூரியில் எடை தூக்கும் போட்டிக்குப் போனவள் என்று சொன்னார்கள். தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து அவள் இரும்பைத் தூக்குவதை முதல் நாள் பார்த்தபோது இவளையே சம்பளத்துக்கு விழுப்புரம் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுதான் தோன்றியது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கைலி அவிழ்ந்தது உட்பட. இரண்டு நாள் போதுமா என்று கேட்டேன். அவள் உடனே போதும் என்று சொல்லவில்லை. இதற்கு முன்னால் ஏதாவது எடை தூக்கியிருக்கிறேனா என்று கேட்டாள். ரேஷன் அரிசி என்றேன்.

"அப்ப போதும்க்கா. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு நாளு தாராளம். ஆனா ரெண்டு நாளும் முழு உடம்பும் செய்யணும், ஒரு நாளும் கட் அடிக்கக் கூடாது. எடை கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கினே போகணும். ஏறலன்னா நீங்க இங்க காத்து வாங்க வர்றீங்கன்னு அர்த்தம்."

அவள் கொடுத்தது ஐந்தே வேலை. நெஞ்சோடு ஓர் எடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இடுப்பை மடக்கி, முதுகு வளையாமல் தரையிலிருந்து இரும்பைத் தூக்குவது. பெஞ்சில் கை ஊன்றித் தண்டால். குனிந்து நின்று டம்பெல்லை இழுப்பது. இரண்டு கையிலும் எடையோடு அந்த மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. எட்டு எட்டாக மூன்று தடவை, நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து ஓய்வு. எட்டு எண்ணிக்கையும் சுத்தமாக வந்தால் அடுத்த முறை எடை ஏற்றலாம். எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும்.

முதல் நாள் நாற்காலியிலிருந்து வெறும் கையோடு எட்டு முறை எழுந்ததற்கே தொடை நடுங்கியது. தரையிலிருந்து தூக்கியது பன்னிரண்டு கிலோ. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடவில்லை. புதன்கிழமை பள்ளியில் கழிப்பறையில் உட்கார்ந்தவள் எழுந்த பாட்டை யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

என் கணவருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. நான் அவரைத் தூக்கப்போவது பிடிக்காமல் இல்லை, வாரம் இரண்டு நாள் என்பதுதான் பிடிக்கவில்லை. பயிற்சி என்றால் தினமும் காலை ஐந்து மணி, மைதானம், விசில். மழை வந்தால் வராண்டா. முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் நடத்தினார்.

"ரெண்டு நாளா? அதுக்குப் பேரு பயிற்சி இல்ல, விருந்தாளியாப் போய்க்கினு வர்றது" என்றார். படுத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் சட்டம் போட்ட குரல்.

ஆறு வாரத்தில் விருந்தாளி முப்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்கினாள். நாற்காலி வேலைக்குப் பத்துக் கிலோவைக் கட்டிக்கொண்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் கண்ணாடியில் அதே கைதான், அதே தொளதொளப்புதான். அது அப்படித்தான் இருக்கும் என்றாள் அவள். முதல் சில வாரம் சதை பெருசாக வளராது, இருக்கிற சதையைச் சேர்ந்து இழுக்க உடம்பு கற்றுக்கொள்ளும், அதிலேயே பலம் கூடும் என்றாள். இருபது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து சும்மா கிடந்த சரக்கை இப்போதுதான் எடுத்துப் புழங்குகிறேன் என்று புரிந்தது.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முப்பது கிலோ வந்ததும் எனக்குப் பேராசை பிடித்தது. இரண்டு நாளில் இவ்வளவு என்றால் ஏழு நாளில் எவ்வளவு. அவர் தயாராகக் காத்திருந்தார். தோப்புக்கரணம் என்றார். மாணவர்களுக்குத் தண்டனையாக அவர் வாரி வழங்கிய அதே தோப்புக்கரணம். தினமும் காலை ஐந்து மணிக்குக் கட்டில் எதிரே நின்று நான் காதைப் பிடித்துக்கொண்டேன். அவர் வலது கையால் பழைய விசிலை எடுத்து ஊதி எண்ணினார். வாயின் இடது பக்கம் காற்று ஒழுகியதால் விசில் சரியாக வராமல் புஸ் என்று வரும், அந்தப் புஸ்ஸுக்கு நான் உட்கார்ந்து எழுவேன். ஐம்பதில் ஆரம்பித்து நூற்றெட்டுக்கு ஏற்றினார். நூற்றெட்டு என்பதால் நானும் அதைப் பிள்ளையாருக்கு வேண்டுதல் ஆக்கிவிட்டேன். இனி நிறுத்தினால் சாமி குற்றம். இப்படி ஒரே வேலையை வாத்தியாருக்கும் பிள்ளையாருக்கும் சேர்த்துக் கணக்கு எழுதினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலை நேரத்தில் அவர் முகம் பழையபடி இருந்தது. விசில் பிடித்தால் அவர் நோயாளி இல்லை. அதற்காகவே நான் இன்னும் ஒரு நூற்றெட்டுப் போட்டிருப்பேன்.

மூன்று வாரம் போனது. திண்டிவனத்து மாடியில் முப்பத்திரண்டரை கிலோ எழவே இல்லை. அடுத்த செவ்வாய் முப்பதுக்கே திணறினேன். வெள்ளிக்கிழமை இருபத்தைந்து கிலோ தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பஸ் படி ஏறினால் முட்டிக்குக் கீழே சுருக்கென்றது. வீட்டில் நோட்டைப் பார்த்த வாத்தியார் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். நான் சொன்னேனே, இரண்டு நாள் என்றால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், தோப்புக்கரணத்தை இருநூறு ஆக்கலாம் என்றார். நானும் சரி என்றேன். விழுப்புரம் ஜிம் முதலாளி சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றாக இருந்ததால் அதுதான் உண்மையாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எனக்குப் பலமே வராமல் போய்விடுமோ என்று ரொம்ப பயமாக இருந்தது. அந்த வாரம் தண்ணீர் இல்லாமல் அவர் உதடு வெடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் என்னை எடைக்குப் பக்கத்திலேயே விடவில்லை. நோட்டை வாங்கி மூன்று வாரத்தைப் பார்த்தாள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முட்டை சாப்பிடுகிறேனா, சுண்டல் சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் சரி என்றேன். அப்புறம் வேறு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் முதலில் மழுப்பினேன். முட்டி வலி பொறுக்காமல் சொல்லிவிட்டேன். காலை ஐந்து மணி, நூற்றெட்டு, விசில், பிள்ளையார், எல்லாம்.

அவள் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளு பத்தாம நின்னுபோகலக்கா. மிச்ச அஞ்சு நாள நீங்க உடம்புக்கு விட்டு வைக்கல. இங்க எடை தூக்குறப்ப பலம் வராது. தூக்கிட்டுப் போயி, தின்னு, தூங்கி, சும்மா இருக்குறீங்க பாருங்க, அப்பதான் வரும். நீங்க அதுல தெனமும் நூத்தியெட்டு வாட்டி கை வைக்கிறீங்க."

நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடப் போட நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடத்தான் உடம்பு பழகும் என்றும் சொன்னாள். எனக்கு வேண்டியது நூற்றெட்டு முறை எழுவது இல்லை, பெரிய எடையோடு ஒரே ஒரு முறை எழுவது. காலம் போகப் போக இரண்டு நாள் பத்தாமல் போகலாம், அப்போது மூன்றாவது நாளைப் பற்றிப் பேசலாம், அந்தக் கட்டம் எனக்கு இன்னும் ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்றாள். அந்த வாரம் முழுக்க இருபது கிலோவுக்கு மேல் தொடக் கூடாது என்று நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தாள். பிள்ளையாரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். முட்டி வலிக்கிறது என்று சொல்லுங்கள், அவருக்கும் உடம்பு கனம்தானே, புரியும் என்றாள்.

பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார்தான் சொன்னார். மறுநாள் ஐந்து மணிக்கு நான் எழுந்திருக்காமல் படுத்திருந்தேன். விசில் ஊதினார். திரும்பிப் படுத்தேன். மறுபடி ஊதினார். எழுந்துபோய் விசிலைக் கையிலிருந்து பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

"முப்பத்திரண்டு வருஷம் புள்ளைங்கள உருவாக்கினவன் நானு. நேத்து வந்த பொண்ணு எனக்குச் சொல்லுதா?"

"உங்க புள்ளைங்களுக்குப் பதிமூணு வயசுங்க. ஓடினாலும் வளரும், ஓடலைன்னாலும் வளரும். எனக்கு நாப்பத்தெட்டு. நீங்க தண்ணி குடிக்கணும்னு நான் இரும்பு தூக்கறேன். உங்க சட்டம் ஜெயிக்கணும்னு இல்ல."

தண்ணீர் என்ற சொல்லை நாங்கள் அதுவரை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. சொன்னதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு சாம்பாரில் அவர் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

லேசான வாரம் முடிந்து அடுத்த செவ்வாய் முப்பது கிலோ சும்மா எழுந்து வந்தது. எட்டுக்கு எட்டு. வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டரை. நான் வீட்டில் ஒன்றும் பீற்றிக்கொள்ளவில்லை, நோட்டைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நோட்டு ஸ்டூலின் மறுபக்கத்தில் இருந்தது. அதற்கடுத்த வாரம் முப்பத்தைந்து. நோட்டில் நான் கோணல்மாணலாக எழுதியிருந்ததைச் சுற்றி யாரோ பேனாவால் கட்டம் கட்டியிருந்தார்கள். தேதி, எடை, எண்ணிக்கை, தலைப்பெல்லாம் போட்டு. வலது கை எழுத்து. எங்கள் வீட்டில் அவ்வளவு நேராகக் கோடு போடுகிறவர் ஒருவர்தான். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நான் ஏழு மணிக்கு உள்ளே நுழைந்ததும், கெடார்க்காரர் கிளம்பும் முன்பே, "இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்பார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் வேலைநிறுத்தம் என்று ஜிம்முக்குப் போகாமல் சீக்கிரமே வீட்டுக்கு வரப் பார்த்தேன். போனில் கூப்பிட்டு, ஜிம்முக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாவது வா என்றார். இரண்டே நாள்தானே இருக்கிறது, அதிலும் ஒன்றை விட்டால் என்ன மிச்சம் என்று என்னிடமே கேட்டார். கொழுப்பைப் பாருங்கள்.

ஐந்தாவது மாதக் கடைசியில் ஐம்பது கிலோவை ஐந்து முறை தூக்கினேன். நாற்காலி வேலைக்கு நெஞ்சில் பதினெட்டு. அந்தச் சனிக்கிழமை பிசியோதெரபிஸ்ட்டை வரச் சொன்னேன். அவர் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். பட்டையைக் கட்டினேன். முட்டியை முட்டியோடு வைத்தேன். இவரும் இத்தனை மாதத்தில் வலது காலை ஊன்றி எழப் பழகியிருந்தார். மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் பிசியோதெரபிஸ்ட்டின் கை சும்மாவே நின்றது. இனி தனியாகச் செய்யலாம் என்றார். நல்ல சேதிதான், ஆனால் அன்று சாயங்காலமும் மூன்று மணிக்கு மேல் சொம்பு நிறைந்தபடியே இருந்தது. ஞாயிறும் அப்படியே. ஆள் பக்கத்தில் இருக்கும்போது நடந்ததை அவர் நம்பவில்லை. உண்மையில் நானும் முழுசாக நம்பவில்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு வந்தேன். கெடார்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்றைக்கும் மத்தியானத்துக்கு மேல் தொடவில்லை என்று சைகை காட்டிவிட்டுப் போனார். நான் முகம் கழுவினேன். நாற்காலியை அவர் வலது பக்கம் கோணலாகப் போட்டுச் சக்கரத்தைப் பூட்டினேன். அவர் எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். அவசரம் எதுவும் இல்லையே என்றார். அவசரம் இல்லாதபோதுதான் பார்க்க வேண்டும் என்றேன். பட்டையைக் கட்டினேன். விளிம்புக்கு வந்தார், பாதத்தைப் பின்னுக்கு இழுத்தார், குனிந்தார். அவர் தலை என் தோளில் இடித்தது, தேங்காய் எண்ணெய் வாசனை.

"எண்ணுங்க" என்றேன். அதுவரை நான்தான் எண்ணியிருந்தேன்.

அவர் எண்ணினார், மைதானக் குரலில். மூன்றில் என் தொடை இரண்டும் தரையைத் தள்ளின. அவர் எழுந்துவிட்டார். அவ்வளவு சுலபமாக எழுந்ததில் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே கட்டிக்கொண்டு நின்றோம். என் முதுகு வலிக்கவில்லை. திரும்பினோம், உட்கார்ந்தார். அவருக்குக் கைலி அவிழவில்லை, எனக்குத்தான் சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்தது. மறுபடி கட்டிலுக்கு மாற்றினேன். அதுவும் வந்தது.

நான் கொசுவத்தைச் சொருகிக்கொண்டிருந்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தச் சொம்ப எடு."

முழுச் சொம்பையும் அண்ணாந்து குடித்தார். இடது கடைவாயில் கொஞ்சம் வழிந்து பனியனை நனைத்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. இன்னொரு அரைச் சொம்பு கேட்டார். அதையும் குடித்துவிட்டு, ஃபிரிட்ஜ் மேலே இருப்பதை எடுத்துக் கொடு என்றார். எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

அடுப்படியில் இரண்டாவது தோசை ஊற்றியிருப்பேன். விசில் வந்தது. புஸ் என்று இல்லை, பாதிக் காற்று ஒழுகினாலும் விசில்தான். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், லாரிக்காரத் தம்பி கை கழுவும் சத்தமும் கேட்டன. பழைய மாணவன், அந்த விசிலுக்கு இன்னும் பயம் போகவில்லை.

"அக்கா, வர்றேன், இருங்க" என்றான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தேன்.

"வேணாம்பா. நீ உக்காந்து சாப்பிடு."